மாதம் 36,005 கட்டுகிறோம், டிசம்பரில் கடன் 600 ரூபாதான் குறைந்திருக்கிறது. ஸ்டேட்மென்டை எப்படி வாசிப்பது?

கொட்டகலை_ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். 2024 ஜனவரியில் வீடு கட்ட 30 இலட்சம் கடன் எடுத்தோம். 15 வருடம், முதல் ஐந்து வருடத்துக்கு 12% நிலையான வட்டி, மாதத் தவணை 36,005. ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை, மாதக் கடைசியில் என்னுடைய சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே வெட்டிக்கொள்கிறார்கள். மார்ச்சோடு 26 தவணை முடிந்தது, அதாவது 936,130 ரூபா கட்டியிருக்கிறோம். போன கிழமை கிளையில் ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கிப் பார்த்தால் கடன் 2,821,239இல் நிற்கிறது. குறைந்தது 178,761 மட்டும்தான். வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் பேசாமல் எழும்பிப் போய்விட்டார்.

அதில் எங்கேயும் "இந்தத் தவணையில் இவ்வளவு வட்டி, இவ்வளவு முதல்" என்று எழுதவில்லை. டெபிட், கிரெடிட், மீதி என்று மூன்று நிரல்கள்தான். கடைசி நான்கு மாதத்தைச் சதங்களை விட்டு இங்கே தருகிறேன்:

டிசம்பர்: தொடக்கம் 2,845,900, வட்டி 29,005, கட்டியது 36,005, முடிவு 2,845,300
ஜனவரி: தொடக்கம் 2,845,300, வட்டி 28,999, கட்டியது 36,005, முடிவு 2,838,294
பெப்ரவரி: தொடக்கம் 2,838,294, வட்டி 26,128, கட்டியது 36,005, முடிவு 2,828,417
மார்ச்: தொடக்கம் 2,828,417, வட்டி 28,827, கட்டியது 36,005, முடிவு 2,821,239

பெப்ரவரியில் வட்டி இறங்கி மார்ச்சில் திரும்ப ஏறியிருக்கிறது. கடன் குறைந்துகொண்டு போகும்போது வட்டி எப்படி ஏறும்? டிசம்பரில் 36,005 கட்டி 600 ரூபாதான் குறைந்திருக்கிறது, அது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியா_சிவா

ரீச்சர், இது எல்லா வங்கியும் செய்கிறதுதான். பதினைந்து வருடத்துக்குமான வட்டியை முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு அதை முன்னுக்கு எடுத்துவிடுவார்கள், அப்புறம்தான் முதல் தொகையில் கை வைப்பார்கள். என் மச்சானுக்கும் இப்படித்தான், ஆறேழு வருடம் கட்டியும் பாதிகூடக் குறையவில்லை. இடையில் காசு கிடைத்தது என்று கொண்டுபோய்க் கடனில் போடாதீர்கள், வட்டி எப்படியும் எடுத்தாயிற்று, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தக் காசை நிலையான வைப்பில் போடுங்கள்.

நுவரெலியா_குமரன்

நான் ஒரு ஷீட்டில் போட்டுப் பார்த்தேன் மிஸ். 12% என்றால் மாதம் 1%. ஜனவரி தொடக்க மீதி 2,845,300, அதற்கு ஒரு வீதம் 28,453. அவர்கள் எடுத்தது 28,999. 546 ரூபா கூட. மார்ச்சிலும் அப்படித்தான், 28,284 எடுக்க வேண்டிய இடத்தில் 28,827. ஒப்பந்தத்தில் 12% என்று போட்டுவிட்டு அதற்கு மேல் அறவிடுகிறார்கள். எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

பண்டாரவளை_கணக்கு

தங்கச்சி, முறைப்பாடு கொடுக்க அவசரப்பட வேண்டாம். நான் கடன் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவன், இந்த ஸ்டேட்மென்டை வாசிக்கிற முறையைச் சொல்கிறேன், பிறகு நீங்களே ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடன் கணக்கில் வங்கி தவணையைப் பிரித்து எழுதவில்லை. இரண்டு தனித்தனி வரிதான் வரும். மாத முடிவில் அந்த மாதத்து வட்டியை உங்கள் கடனோடு கூட்டும், அது டெபிட் பக்கம். பிறகு நீங்கள் கட்டிய 36,005ஐக் கழிக்கும், அது கிரெடிட் பக்கம். ஆகவே வட்டி எவ்வளவு என்று அறிய டெபிட் வரியைப் பாருங்கள். முதல் எவ்வளவு என்று அறிய தவணையிலிருந்து அந்த வட்டியைக் கழியுங்கள். ஜனவரியில் 36,005இலிருந்து 28,999 போனால் 7,006, அதுதான் உங்கள் முதலில் போனது. தொடக்க மீதிக்கும் முடிவு மீதிக்கும் உள்ள வித்தியாசமும் அதே 7,006ஆக இருக்க வேண்டும். இரண்டு வழியிலும் ஒரே தொகை வந்தால் அந்த மாதம் சரி. வராவிட்டால் இடையில் வேறு ஏதோ ஒரு வரி இருக்கிறது.

இப்போது டிசம்பரைப் பாருங்கள். 36,005இலிருந்து 29,005 போனால் 7,000. மீதி குறைந்தது 600. 6,400 ரூபாவைக் காணவில்லை. நீங்கள் இங்கே எழுதும்போது ஒரு டெபிட் வரியை விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், தாளை எடுத்து டிசம்பரைத் திரும்பப் பாருங்கள்.

குமரன் தம்பிக்கு: நீர் ஜனவரியையும் மார்ச்சையும் சொன்னீர், பெப்ரவரியை ஏன் விட்டீர்? மாதம் 1% என்று போட்டால் அந்த மாதம் 28,383 வர வேண்டும், அவர்கள் எடுத்தது 26,128தான். 2,255 ரூபா குறைவு. வட்டியை நாள் கணக்கில் போடுகிறார்கள். மீதியை 12%ஆல் பெருக்கி, அந்த மாதத்து நாட்களால் பெருக்கி, 365ஆல் வகுக்க வேண்டும். ஜனவரிக்கு 31 நாள், பெப்ரவரிக்கு 28. ரீச்சர் கேட்ட ஏற்ற இறக்கத்துக்கும் காரணம் இதுதான், மார்ச் திரும்ப 31 நாள். தவணை மாறாமல் இருக்கும்போது வட்டி குறைந்தால் முதல் கூடப் போகும், அதனால்தான் பெப்ரவரியில் 9,877 குறைந்திருக்கிறது.

நுவரெலியா_குமரன்

சரி அண்ணன், மாற்றிப் போட்டேன். A2இல் தொடக்க மீதி, B2இல் வட்டி வீதம், C2இல் நாட்கள்:

```
=A2*B2*C2/365
```

ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மூன்றும் ஒரு ரூபாகூட விலகாமல் வருகிறது. டிசம்பர் வட்டி 29,005ம் சரி. ஒரு கேள்வி, 2024 லீப் வருடம், 366 நாள். அந்த வருடத்துக்கு 365ஆல் வகுத்தார்களா 366ஆலா? 365 என்றால் ஒரு நாள் வட்டி கூடப் போயிருக்கும், 30 இலட்சத்துக்கு ஏறக்குறைய 980 ரூபா.

பண்டாரவளை_கணக்கு

அது ஒப்பந்தத்தில் இருக்கிற வசனத்தைப் பொறுத்தது தம்பி. ரீச்சரின் ஒஃபர் லெட்டரில் வட்டி கணக்கிடும் முறை என்ற பந்தியை வாசித்தால்தான் சொல்லலாம்.

கொட்டகலை_ரீச்சர்

அண்ணா, நீங்கள் சொன்னது சரி. டிசம்பர் 9ஆம் திகதிக்கு ஒரு வரி இருக்கிறது, 6,400 டெபிட். பக்கத்தில் எழுத்தும் இலக்கமுமாக ஒரு குறியீடு மட்டும்தான், விளக்கம் இல்லை. வங்கியின் ஏதோ உள் இலக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அது என்னவாக இருக்கும்?

பண்டாரவளை_கணக்கு

பெரும்பாலும் வீட்டுக்கான தீக் காப்புறுதிக் கட்டணம். ஈடு வைத்த வீட்டுக்கு வருடா வருடம் காப்புறுதி புதுப்பிக்க வேண்டும், நீங்கள் புதுப்பித்த ரசீதைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் வங்கியே புதுப்பித்துவிட்டு அதைக் கடனில் ஏற்றிவிடும். ஆனால் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன், மதிப்பீட்டுக் கட்டணமாகவோ சட்டச் செலவாகவோகூட இருக்கலாம். அந்தக் குறியீட்டைக் காட்டிக் கிளையில் கேளுங்கள். காப்புறுதி என்றால் பத்திரத்தின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள், எந்தத் தொகைக்குப் போட்டிருக்கிறார்கள், மண்சரிவு அதில் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் தீயைவிட அதுதான் பயம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த 6,400 கடன் மீதியில் சேர்ந்துவிட்டது, ஆகவே அதற்கும் 12% ஓடுகிறது. தவணை அதே 36,005, அதனால் இப்போது உங்களுக்குத் தெரியாது, கடைசியில் ஒரு சிறு மீதியாக வந்து நிற்கும். வருடா வருடம் இப்படி ஏறினால் அது சிறு தொகையாக இருக்காது. அடுத்த டிசம்பருக்கு முன் நீங்களே புதுப்பித்து ரசீதைக் கொடுத்துவிடுங்கள்.

இனி சிவா தம்பி சொன்னதற்கு வருகிறேன். ஆரம்பத்தில் தவணையில் பெரும் பங்கு வட்டி என்பது உண்மை. ஆனால் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள் என்பது சரியில்லை. ஒவ்வொரு மாதமும் அன்றைக்கு நிற்கிற மீதிக்கு மட்டும்தான் வட்டி. முதல் மாதத்தில் 30 இலட்சம் நின்றது, அதற்கு ஏறக்குறைய 30,000 வட்டி, 36,005இல் மிஞ்சியது 6,005. கடன் பெரிதாக இருந்ததால் வட்டி பெரிது, அவ்வளவுதான். மீதி 18 இலட்சத்துக்கு இறங்கும்போது வட்டி 18,000, முதலும் 18,000. உங்கள் கடனில் அது 112ஆவது தவணை அளவில் வரும், அதாவது பத்தாவது வருடத்தில். அதற்குப் பிறகு முதல் வேகமாக இறங்கும்.

மஸ்கெலியா_சிவா

பத்தாவது வருடத்தில்தான் பாதிக்குப் பாதி என்றால் நான் சொன்னதும் அதுதானே அண்ணன்? என் த்ரீவீலர் லீசிங்கில் கடைசி மாதம் வரைக்கும் ஒரே வட்டிதான், இடையில் கட்டி முடிக்கப் போனால் மிச்ச வட்டியில் கொஞ்சம்தான் கழித்தார்கள்.

பண்டாரவளை_கணக்கு

உமது லீசிங் வேறு தம்பி. எடுத்த முழுத் தொகைக்கும் முழுக் காலத்துக்கும் ஒரே வட்டியைப் போட்டு மாதத்தால் பிரித்திருப்பார்கள் போலத் தெரிகிறது. ரீச்சரின் கடனை அப்படிப் போட்டிருந்தால் 30 இலட்சத்துக்கு 12%, 15 வருடம், வட்டி மட்டும் 54 இலட்சம். முதலோடு 84 இலட்சம், 180ஆல் வகுத்தால் தவணை 46,667 வந்திருக்கும். அவர் கட்டுவது 36,005. ஆகவே இது குறைந்து செல்லும் மீதிக்கான வட்டி என்பதில் சந்தேகமே இல்லை. இடையில் காசு போட்டால் பிரயோசனம் இல்லை என்று நீர் சொன்னது இந்தக் கடனுக்கு அடியோடு பிழை, அதைக் கேட்டு யாரும் ஏமாறக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

தலவாக்கலை_தம்பி

அண்ணன் நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன், வீடு கட்ட காணி 7 பேர்ச் காட்டியிருக்கிறார்கள், ஆனால் உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. வட்டி எவ்வளவு முதல் எவ்வளவு என்பது இருக்கட்டும், உறுதி இல்லாமல் வீட்டுக் கடன் தருவார்களா?

பண்டாரவளை_கணக்கு

இந்த இழை கடன் எடுத்த பிறகு ஸ்டேட்மென்ட் வாசிப்பது பற்றியது தம்பி, உமக்குத் தனி இழை தொடங்குவது நல்லது. சுருக்கமாக, உறுதி இல்லாமல் ஈட்டுக் கடன் கிடைக்காது. ஈ.பி.எஃப் மீதியைப் பிணையாகக் காட்டி எடுக்கிற வீட்டுக் கடன் என்று ஒன்று இருக்கிறது, அதை விசாரித்துப் பாரும். தவணை தவறினால் நிலுவை உமது ஈ.பி.எஃப் பணத்திலிருந்து போகும், அதை யோசித்து எடும்.

பதுளை_ரஜனி

ரீச்சர், உங்களுடையது ஐந்து வருடத்துக்கு நிலையான வட்டி என்பதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வருகிறது. எங்களுடையது மாறும் வட்டி, மத்திய வங்கி வாராவாரம் வெளியிடுகிற முதன்மைக் கடன் வீதத்துக்கு மேல் ஒரு பங்கு கூட்டி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வீதத்தை ஒரே நாளில் 7 புள்ளி கூட்டியது ஞாபகம் இருக்கும். அடுத்த மாற்றத்தில் எங்கள் வட்டி 11இலிருந்து 21க்குப் போனது. மீதி அப்போது 18 இலட்சம், தவணை 24,000. முன்பு மாத வட்டி 16,500 அளவில் இருந்தது, 7,500 முதலில் போகும். 21%க்கு வந்ததும் வட்டி மட்டும் 31,500. தவணை முழுவதையும் வட்டிக்கே கொடுத்தாலும் 7,500 போதாது.

தவணையைக் கூட்ட எங்களால் முடியவில்லை, அவருக்குக் கொழும்பில் வேலை போயிருந்த நேரம். வங்கியில் பேசி அதே 24,000 கட்டினோம். ஸ்டேட்மென்டில் முதல் 18 இலட்சத்தில் அப்படியே நின்றது. கூடவில்லை என்று ஆறுதலாக இருந்தோம். ஆனால் போதாமல் போன வட்டியைக் கடைசிப் பக்கத்தில் அறவிடப்படாத வட்டி என்று தனியாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், அது மீதி நிரலில் தெரியவே தெரியாது. பிறகு வட்டி இறங்கியபோதும் நாங்கள் கட்டியது முதலில் அந்தப் பழைய வட்டிக்குத்தான் போனது, முதல் அசையத் தொடங்க நெடுநாள் எடுத்தது. ஆகவே மீதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள், கடைசிப் பக்கம் வரைக்கும் பாருங்கள்.

பண்டாரவளை_கணக்கு

ரஜனி சொன்னது மிக முக்கியமானது. 2020இல் கொரோனாக் காலத்துச் சலுகை எடுத்தவர்களுக்கும் இதே நிலை, தவணையைத்தான் நிறுத்தினார்கள், வட்டி ஓடிக்கொண்டிருந்தது. நிலுவை இருக்கும்போது நாம் கட்டுகிற பணம் பொதுவாகத் தண்ட வட்டிக்கும் பழைய வட்டிக்கும் போய், பிறகு இந்த மாத வட்டிக்குப் போய், மிஞ்சினால்தான் முதலுக்கு வரும்.

வீதம் மாறிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வட்டியை 365ஆல் பெருக்கி, நாட்களால் வகுத்து, தொடக்க மீதியால் வகுத்தால் வீதம் வரும். ரீச்சருக்கு ஒவ்வொரு மாதமும் 0.12 வருகிறது. 2029இல் ஐந்து வருடம் முடிந்ததும் இதைத்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும், கடிதம் வரும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

கொட்டகலை_ரீச்சர்

கடைசிப் பக்கம் பார்த்தேன், நிலுவை எதுவும் இல்லை. அண்ணா, சீட்டுக் காசு ஒரு இலட்சம் அடுத்த மாதம் கைக்கு வரும். இடையில் கட்டினால் பிரயோசனம் என்றீர்களே, எவ்வளவு பிரயோசனம்? சும்மா கணக்கில் போட்டால் போதுமா?

பண்டாரவளை_கணக்கு

சும்மா போட்டால் போதாது. சேமிப்புக் கணக்கில் போட்டால் அங்கேயே கிடந்து மாதம் மாதம் வழக்கமான தவணைக்கு வெட்டப்படும். கடன் கணக்கில் போட்டாலும் சில இடங்களில் வரப்போகும் தவணைகளுக்கான முற்பணமாக வைத்துவிடுவார்கள். முதல் தொகையிலிருந்து கழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் மீதி முழு ஒரு இலட்சமும் தனியாக இறங்கியிருக்க வேண்டும், அடுத்த மாத வட்டி ஏறக்குறைய ஆயிரம் ரூபா குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் காசு வேறு எங்கோ நிற்கிறது.

கடிதத்தில் இன்னொன்றும் எழுத வேண்டும், தவணையைக் குறைப்பதா காலத்தைக் குறைப்பதா என்று. தவணை அதே 36,005 ஆக இருந்து காலம் குறைந்தால் கடன் சுமார் ஒரு வருடம் முன்னால் முடியும், 12% மாறாமல் இருந்தால் மூன்று இலட்சத்துக்கு மேல் வட்டி மிச்சம். தவணையைக் குறைத்தால் மாதம் 1,270 ரூபா அளவு குறையும், மொத்த மிச்சம் ஒரு இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இடையில் கட்டுவதற்குக் கட்டணம் இருக்கிறதா என்று ஒஃபர் லெட்டரில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பதுளை_ரஜனி

நான் என்றால் தவணையைக் குறைக்கத்தான் கேட்பேன். 2022இல் எங்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாகூடப் பெரிய விஷயமாக இருந்தது. வேலை போனால் ஒரு வருடம் முன்னால் முடியும் என்ற கணக்கு சாப்பாடு போடாது.

பண்டாரவளை_கணக்கு

அதற்கு நான் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டேன் ரஜனி. ரீச்சர் வீட்டில் இரண்டு சம்பளம் என்றால் காலத்தைக் குறைக்கலாம் என்பது என் எண்ணம், ஆனால் அது அவர்கள் இரண்டு பேரும் இருந்து பேச வேண்டியது.

மஸ்கெலியா_சிவா

நிலையான வைப்புக்கு 12% தருகிற இடம் எனக்குத் தெரிந்து இல்லை, அதனால் ரீச்சருக்குக் கடனில் போடுவதுதான் சரி, அந்த அளவில் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் மச்சானுடைய ஸ்டேட்மென்டை இந்த ஞாயிறு வாங்கிக்கொண்டு வந்து இங்கே போடுகிறேன், அதையும் பார்த்துச் சொல்லுங்கள். அவருடையது மாறும் வட்டி என்று நினைக்கிறேன்.

கொட்டகலை_ரீச்சர்

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டுக் கிளைக்குப் போனேன். 6,400 காப்புறுதிதான், தீக் காப்புறுதி. மண்சரிவு அடங்குமா என்று கேட்டேன், பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள், பிரதி வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். இடையில் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்றதற்கு ஒருவர் இல்லை என்றார், பக்கத்து மேசையில் இருந்தவர் உண்டு என்றார். அதனால் கேள்வியை எழுதிக் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். குமரன் தம்பி, ஒஃபர் லெட்டரில் 365 நாள் என்றுதான் போட்டிருக்கிறது, லீப் வருடம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.